எத்தனை மணிக்குள் கரையில் நிற்கவேண்டும்?

“ஐயா, எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வானிலை அறிவித்தல்களைத் தமிழில் போடும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். கொழும்பிலிருந்து வருவதையும் இந்தியாவிலிருந்து வருவதையும் பார்த்து, ஒன்றையும் விடாமல் மொழிபெயர்த்துப் போடுகிறேன். ஆனால் வாசித்தவர்களே ‘அப்படியானால் இன்றிரவு இறங்கலாமா, கூடாதா?’ என்று திருப்பிக் கேட்கிறார்கள். எப்படி எழுதினால் உடனே விளங்கும்?” — முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஒரு சங்கச் செயலாளர்

தம்பி, ஒன்றையும் விடாமல் மொழிபெயர்ப்பதுதான் சிக்கலே. அறிக்கை எழுதுபவர் சூறாவளியைப் பார்த்துக்கொண்டு எழுதுகிறார். அது எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது, எவ்வளவு வலுத்திருக்கிறது என்பதெல்லாம் முதலில் வரும். மீனவர் என்ன செய்யவேண்டும் என்பது கடைசி வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் வரும். உங்கள் ஆட்கள் பிற்பகல் மூன்று மணிக்கு மண்ணெண்ணெய்க் கலனைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒரு மணிக்கணக்கு: எத்தனை மணிக்குள் நான் கரையில் நிற்கவேண்டும்? அதை அறிக்கையிலிருந்து எடுத்துக் கொடுப்பதுதான் உங்கள் வேலை. எப்படி எடுப்பது என்பதை ஓர் உதாரணத்தை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

கீழே உள்ளது நானே எழுதிய மாதிரி. எந்தத் திணைக்களத்தின் உண்மையான அறிக்கையும் அல்ல, ஆனால் நடை உங்களுக்குப் பழகியதாகவே இருக்கும். செவ்வாய்க்கிழமை பிற்பகல் 2.30 மணிக்கு வெளியானதாக வைத்துக்கொள்ளுங்கள்.

“தென்மேற்கு வங்காள விரிகுடாவில் நிலைகொண்டுள்ள ஆழ்ந்த தாழமுக்கமானது இன்று (டிசம்பர் 8) முற்பகல் 11.30 மணிக்குத் திருகோணமலைக்குக் கிழக்கு-தென்கிழக்காகச் சுமார் 400 கிலோமீற்றர் தூரத்தில் மையம் கொண்டிருந்தது. இது மேற்கு-வடமேற்குத் திசையில் மணிக்குச் சுமார் 15 கிலோமீற்றர் வேகத்தில் நகர்ந்து, அடுத்த 12 மணித்தியாலங்களில் சூறாவளியாக வலுவடைந்து, நாளை மாலை திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையைக் கடக்கும் சாத்தியம் அதிகம் காணப்படுகின்றது. காங்கேசன்துறையிலிருந்து முல்லைத்தீவு ஊடாகத் திருகோணமலை வரையான கரைக்கு அப்பாற்பட்ட கடற்பரப்புகளில் இன்று நள்ளிரவு முதல் காற்றின் வேகம் மணிக்கு 50-60 கிலோமீற்றர் வரையும், கரையைக் கடக்கும் வேளையில் 70-80 கிலோமீற்றர் வரையும் அதிகரிக்கக்கூடும் என்பதுடன் கடல் மிகவும் கொந்தளிப்பாகக் காணப்படும். ஆகையால் மறு அறிவித்தல் வரை மேற்படி கடற்பரப்புகளுக்குச் செல்லவேண்டாம் என மீனவ சமூகம் அறிவுறுத்தப்படுவதுடன், ஏற்கனவே கடலில் உள்ளோர் உடனடியாகக் கரைக்குத் திரும்புமாறும் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.”

இதில் பிழை எதுவும் இல்லை. பத்திரிகையில் அப்படியே அச்சடிக்கலாம். ஆனால் இதை வாசிக்கிற மன்றாடியாருக்கு எது காதில் விழும் என்று யோசித்துப் பாருங்கள். “400 கிலோமீற்றர்”, “நாளை மாலை.” தூரமும் இருக்கிறது, நேரமும் இருக்கிறது, இன்றிரவு வலை படுத்துவிட்டு விடியற்காலை வந்துவிடலாம் என்று அவர் கணக்குப் போடுவார். அது முட்டாள்தனமான கணக்கு அல்ல. அறிக்கை கொடுத்த எண்களை வைத்துத்தான் போடுகிறார். அதில் எங்கே பிசகுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் தூரம். 400 கிலோமீற்றர் என்பது முற்பகல் 11.30 மணிக்கு இருந்த தூரம். அறிக்கை வெளியானது 2.30 மணிக்கு. நீங்கள் மொழிபெயர்த்து அனுப்பி, அவர் திறந்து வாசிக்கும்போது நான்கு மணி ஆகலாம். நான்கரை மணித்தியாலத்தில், மணிக்கு 15 கிலோமீற்றர் வீதம், அது கிட்டத்தட்ட 70 கிலோமீற்றர் நெருங்கிவிட்டிருக்கும். அதோடு அந்தத் தூரம் திருகோணமலையிலிருந்து, முல்லைத்தீவிலிருந்து அல்ல. அப்போதைய நிலையில் முல்லைத்தீவுக்கு இன்னும் 70 கிலோமீற்றர் கூட இருந்திருக்கும். ஒன்று குறைக்கிறது, மற்றது கூட்டுகிறது, கரையில் நிற்பவர் இரண்டையும் செய்யப் போவதில்லை. ஆகவே கரைக்கு அனுப்பும் செய்தியில் தூரத்தைப் போடாதீர்கள். தூரம் எழுதும்போதே பழசாகத் தொடங்கிவிடுகிறது. மணி அப்படி ஆவதில்லை.

உங்கள் சொந்தச் சரிபார்ப்புக்கு மட்டும் தூரத்தை வைத்துக்கொள்ளுங்கள். அது நின்ற இடத்திலிருந்து கொக்கிளாய்ப் பக்கக் கரைக்கு ஏறத்தாழ 450 கிலோமீற்றர். மணிக்கு 15 என்றால் 30 மணித்தியாலம். செவ்வாய் முற்பகல் 11.30 மணியோடு 30 மணித்தியாலத்தைக் கூட்டினால் புதன் மாலை 5.30. “நாளை மாலை” என்று அறிக்கை சொன்னதோடு ஒத்துப்போகிறது. ஒத்துப்போகாவிட்டால் நீங்கள் எதையோ தவறாக வாசித்திருக்கிறீர்கள், அல்லது பழைய அறிக்கை ஒன்று கையில் வந்திருக்கிறது. அனுப்புவதற்கு முன் நின்று பார்க்கவேண்டிய இடம் அது.

அடுத்தது “நாளை மாலை.” கரையைக் கடக்கும் நேரம் வீட்டுக் கூரைக்கும் குளக்கட்டுக்கும் முக்கியமான நேரம். கடலில் இருப்பவருக்கு அது எப்போதோ கடந்துபோன நேரம். அதே அறிக்கையில் “இன்று நள்ளிரவு முதல்” 50-60 கிலோமீற்றர் காற்று என்று ஒரு சொற்றொடர் நடுவில் ஒளிந்துகொண்டிருக்கிறது. அதுதான் இவருடைய நேரம். நாளை மாலைக்கும் இன்று நள்ளிரவுக்கும் இடையில் பதினேழு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கிறது. செவ்வாய் மாலை போய்ப் புதன் விடியற்காலை திரும்புகிற ஒருநாள் படகு அந்த இடைவெளிக்குள் முழுதாக அகப்படும். எந்த அறிக்கையை எடுத்தாலும் முதலில் இதைத் தேடுங்கள்: உங்கள் கரைப்பகுதியின் பெயரோடு காற்று கூடத் தொடங்கும் நேரம் எங்கே சொல்லப்பட்டிருக்கிறது? அதைக் கண்டுபிடித்த பிறகு மற்றதைப் பாருங்கள்.

கரைப்பகுதியின் பெயரிலும் கவனம் தேவை. “காங்கேசன்துறையிலிருந்து முல்லைத்தீவு ஊடாகத் திருகோணமலை வரை” என்றால் சுண்டிக்குளம், சாலை, கள்ளப்பாடு, அளம்பில், நாயாறு, கொக்கிளாய் எல்லாம் அதற்குள் அடக்கம். ஆனால் வரியில் முல்லைத்தீவு என்ற பெயர் வராமல் “காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை வரை” என்று மட்டும் வந்தால், எங்களைச் சொல்லவில்லையே என்று விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் உங்கள் கரையின் பெயரை எழுதிவிடுங்கள். அறிக்கையில் இல்லாததைச் சேர்ப்பதாகாது. அதற்குள் இருப்பதைப் பெயர் சொல்லிக் காட்டுகிறீர்கள், அவ்வளவுதான்.

இனிக் காற்றின் கணக்கு. இந்தப் பக்கம் தாழமுக்கம், ஆழ்ந்த தாழமுக்கம், சூறாவளி என்கிறோம். தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியைப் பார்க்கிறவர்கள் தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல் என்று கேட்கிறார்கள். இரண்டும் ஒரே படிகள்தான். வட இந்து சமுத்திரத்துக்குப் புதுடில்லியில் உள்ள மையம் வகுத்த அளவின்படி காற்று மணிக்கு 31 முதல் 49 கிலோமீற்றர் என்றால் முதற்படி, 50 முதல் 61 என்றால் இரண்டாவது, 62ஐத் தொட்டால்தான் சூறாவளி. கரையில் இதன் விளைவு என்ன தெரியுமா? “தாழமுக்கம்தானே, சூறாவளி இல்லையே” என்ற பேச்சு. மணிக்கு 45 கிலோமீற்றர் காற்றுக்குப் பெரிய மரக்கிளைகள் ஆடும், குடை பிடிப்பதே சிரமம். 18 அடிப் பிளாஸ்டிக் படகுக்கு அதுவே போதும். 55க்கு முழு மரமும் ஆடும், எதிர்க்காற்றில் நடக்கவே சிரமப்படும். அதுவும் சூறாவளி என்ற பெயரைப் பெறாத காற்றுத்தான். ஆகவே செய்தியில் பெயருக்கு முதலிடம் கொடுக்காதீர்கள். காற்றின் வேகத்தைப் போடுங்கள். முதல் இரண்டு மூன்று முறை “மரம் முழுதும் ஆடும் காற்று” என்று ஒரு சொல் சேர்த்தால், பிறகு எண்ணே போதும்.

கடலின் நிலைக்கும் இதே கதைதான். சற்றுக் கொந்தளிப்பு, கொந்தளிப்பு, மிகக் கொந்தளிப்பு என்று மூன்றும் ஒரே சொல்லின் மேல் ஏறி வருகின்றன. அறிவித்தலில் அலை உயரம் மீற்றரில் இருந்தால் அதை அடியில் எழுதுங்கள்: 2.5 முதல் 3 மீற்றர் என்பது 8 முதல் 10 அடி. அந்த உயரம் எல்லா அலைகளுக்கும் உரிய உச்சம் அல்ல, வருகிற அலைகளில் பெரிய மூன்றிலொரு பங்கின் சராசரி. இடைக்கிடை ஒன்று அதைவிட மிக உயரமாக, சில வேளை இரண்டு மடங்கு வரைகூட எழும். பக்கவாட்டில் வந்து உடைகிற அலை படகின் நீளத்தில் மூன்றிலொரு பங்கு இருந்தாலே கவிழ்த்துவிடும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். 18 அடிப் படகுக்கு அது 6 அடி. எட்டு அடி என்று எழுதியதும் தண்டயல் செய்து கொள்ளும் கணக்கு, “மிகவும் கொந்தளிப்பாகக் காணப்படும்” என்பதைக் கேட்டுச் செய்துகொள்ளும் கணக்கைவிட வேகமாக நடக்கும்.

இப்போது நான் மிகவும் முக்கியம் என்று நினைப்பதற்கு வருகிறேன்: காற்று எந்தப் பக்கத்திலிருந்து. அறிக்கையில் இது அரைகுறையாகத்தான் இருக்கும். அதிலும் சூறாவளி “மேற்கு-வடமேற்குத் திசையில்” நகரும் என்றால் அந்தப் பக்கம் நோக்கிப் போகும் என்று பொருள்; “வடகிழக்குத் திசைக் காற்று” என்றால் அந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று பொருள். ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் வாசிப்பவர் குழம்புவார். நம்மிடம் இருக்கிற பெயர்கள் இந்தக் குழப்பத்தை அடியோடு தீர்த்துவிடும். வாடை வடக்கிலிருந்து, கொண்டல் கிழக்கிலிருந்து, சோளகம் தெற்கிலிருந்து, கச்சான் மேற்கிலிருந்து. சோளகம் என்றால் எங்கிருந்து வருகிறது என்று ஒரு மீனவரும் கேட்கமாட்டார். கரைக்குக் கரை சிறு வேறுபாடு இருக்கலாம், ஆகவே உங்கள் ஊர் மூத்தவர்கள் இருவரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு எழுதுங்கள்.

ஏன் திசை இவ்வளவு முக்கியம்? நம்முடைய பக்கத்தில் சூறாவளிக் காற்று மையத்தைச் சுற்றி இடஞ்சுழியாக ஓடும். முல்லைத்தீவுக் கரை வடகிழக்கைப் பார்த்துக் கிடக்கிறது. மையம் கொக்கிளாய்ப் பக்கமாக, அதாவது முல்லைத்தீவு நகருக்குத் தெற்கே, கரையேறினால் நகரத்தில் வாடையும் கொண்டலும் கலந்து அடிக்கத் தொடங்கி, கொண்டலாகி, பின் சோளகப் பக்கம் திரும்பும். கடல் முழுவதும் கரையை நோக்கித் தள்ளப்படும். கரையில் ஏற்றி வைத்த படகும் அலைக்குள் அகப்படும். அதே மையம் நகருக்கு வடக்கே ஏறினால் வாடையில் தொடங்கிக் கச்சானாக மாறும். அப்போது காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிப்பதால் கரையோரத் தண்ணீர் அடங்கினாற்போலத் தெரியும். அதை நம்பி வலையை எடுக்க இறங்கினவர் திரும்பி வரும்போது முழுக்காற்றும் முகத்துக்கு எதிரே நிற்கும். இயந்திரம் ஒருமுறை நின்றுவிட்டால் வெளியே கொண்டுபோய்விடும்.

இதில் உங்கள் எல்லையையும் சொல்லவேண்டும். “திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே” என்பது ஒரு புள்ளி அல்ல, நூறு கிலோமீற்றருக்குக் கிட்டிய கரை. மையம் எங்கே ஏறும் என்று நீங்கள் தீர்மானித்து, இன்ன மணிக்குக் காற்று மாறும் என்று எழுதக்கூடாது. எழுதக்கூடியது இவ்வளவுதான்: கரை கடப்பதற்கு முன் வாடை அல்லது கொண்டல், கடந்த பின் காற்று திரும்பி அடிக்கும், நடுவில் ஓய்ந்தால் முடிந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம்.

வன்னிக்கு இரண்டு கடல் என்பதை மறந்துவிடாதீர்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிச் சூறாவளி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறி, வன்னியை ஊடறுத்து, மறுநாள் மன்னார்ப் பக்கமாக மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கியது. ஒரே சூறாவளி, ஒரே அறிக்கை. ஆனால் கொக்கிளாய்க்காரருக்கும் பேசாலைக்காரருக்கும் ஒரே செய்தி பொருந்தாது. நம்முடைய மாதிரியில் மையம் புதன் மாலை கொக்கிளாயில் ஏறினால், மன்னார் அங்கிருந்து 115 கிலோமீற்றரளவில் இருக்கிறது; வேகம் மாறாவிட்டால் ஏழெட்டு மணித்தியாலம். மையம் கிழக்கே இருக்கும்வரை மன்னார்த் தீவில் வாடைப் பக்கக் காற்று. பாக்கு நீரிணையைப் பார்த்த பேசாலை, தலைமன்னார் வடகரைகளில் கடல் ஏறும். தென்பக்கம் அப்போது அமைதியாகத் தெரியும். அந்த அமைதியைப் பார்த்துப் படகுகளை எல்லாம் தென்கரைக்குக் கொண்டுபோனால், மையம் வளைகுடாவுக்குள் போன பிறகு சோளகப் பக்கக் காற்று அதே தென்கரையில் வந்து மோதும். ஆகவே மன்னார்ச் சங்கங்களுக்கு எழுதுகிறவர்கள் “முதலில் வடகரை, பிறகு தென்கரை” என்று ஒரு வரி போடவேண்டும். முல்லைத்தீவுச் செய்தியைப் பார்த்துப் பிரதி எடுத்தால் அந்த வரி இருக்காது.

சரி, எழுதுவோம். மாதிரி அறிக்கையை உங்கள் கரைக்கு நான் இப்படித்தான் எழுதுவேன்:

“கடலுக்கு இறங்க வேண்டாம். டிசம்பர் 8 செவ்வாய் பிற்பகல் முதல்.
கடலில் நிற்பவர்கள் இப்போதே திரும்புங்கள்.
சுண்டிக்குளம் முதல் கொக்கிளாய் வரை: செவ்வாய் இரவு 12 மணியிலிருந்து காற்று மணிக்கு 50-60 கிலோமீற்றர் வரை போகலாம், கடல் மிகவும் கொந்தளிக்கும். புதன் மாலை சூறாவளி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரை கடக்கும் சாத்தியம் அதிகம். அப்போது 70-80 வரை போகலாம்.
இது திணைக்களத்தின் செவ்வாய் பிற்பகல் 2.30 அறிவித்தல்.

சங்கத்தின் முடிவு: செவ்வாய் இரவு 9 மணிக்குப் பிறகு நம்முடைய படகு ஒன்றும் கடலில் நிற்கக்கூடாது. எடுக்க முடியாத வலை கிடக்கட்டும். படகுகளை வாடிக்கு மேலே இழுத்துக் கட்டவும்.
அடுத்த செய்தி செவ்வாய் மாலை 6 மணிக்கு.”

சில இடங்களைக் கவனியுங்கள். “நாளை”, “இன்றிரவு” என்ற சொற்களே இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி மூன்று நாள் சுற்றும். புதன்கிழமை வாசிக்கிறவருக்கு உங்கள் “நாளை” வியாழனாகிவிடும். கிழமையும் திகதியும் இருந்தால் அந்த ஆபத்து இல்லை. நள்ளிரவு என்பதும் சிக்கலான சொல்தான். “செவ்வாய் நள்ளிரவு” செவ்வாய் தொடங்கும் இரவா முடியும் இரவா என்று வாதாடலாம். “செவ்வாய் இரவு 12 மணி” என்றால் வாதம் இல்லை. பலநாள் படகுகளுக்கு வரும் சில கடல் அறிவித்தல்களில் சர்வதேச நேரம் இருக்கும். ஐந்தரை மணித்தியாலம் கூட்டி எழுதுங்கள். இந்திய நேரமும் நம்முடைய நேரமும் ஒன்றுதான், அதில் கை வைக்கவேண்டாம்.

“சாத்தியம் அதிகம்”, “வரை போகலாம்” என்பவற்றை நான் விடவில்லை. பயம் வரட்டும் என்று அதை “கரை கடக்கும்” என்று உறுதியாக்கினால் இந்த முறை வேலை செய்யும். மையம் விலகிப்போய்க் காற்றே இல்லாமல் விடிந்தால் அடுத்த முறை ஒருவரும் உங்கள் செய்தியைத் திறக்கமாட்டார்கள். அதேபோல, அறிக்கை “அவதானமாக இருக்கவும்” என்று மட்டும் சொன்னால் நீங்கள் அதை “இறங்க வேண்டாம்” ஆக்கக்கூடாது. அவதானம் என்றால் எதைப் பார்ப்பது என்று எழுதலாம்: இடிமுகில் எழுந்தால் காற்று சடுதியாகக் கூடும், தூரம் போகவேண்டாம், தொலைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும் எல்லைக்குள் நில்லுங்கள். தடையும் அவதானமும் ஒன்றாகிவிட்டால் தடைக்கு மதிப்பிராது.

சங்கத்தின் முடிவைத் தனியே பிரித்ததற்கும் காரணம் உண்டு. அறிக்கை “உடனடியாக” என்கிறது. கடலில் இருப்பவர் அதை “வலையை எடுத்துக்கொண்டு உடனடியாக” என்று கேட்பார். வலைதான் அவருடைய சொத்து, பாதிக் கடனும் அதில்தான் இருக்கிறது. அந்த வலையை விட்டுவிட்டு வா என்று சொல்ல மொழிபெயர்ப்பாளருக்கு உரிமை இல்லை. சம்மாட்டிகளும் தண்டயல்களும் இருந்து முடிவெடுத்து, சங்கத்தின் பெயரில் சொன்னால் மட்டுமே அது எடுபடும். மழைக்காலம் தொடங்குமுன் ஒரு கூட்டத்தில் இதைப் பேசி வைத்துவிடுங்கள்: காற்று கூடும் என்று சொன்ன நேரத்துக்கு எத்தனை மணித்தியாலம் முன்பு எல்லோரும் கரையில் நிற்பது? நான் மூன்று என்று போட்டிருக்கிறேன், ஏனென்றால் காற்று சொன்ன மணிக்குப் பொத்தானை அழுத்தினாற்போல் தொடங்குவதில்லை. அமைதியான கடலில் ஒரு மணித்தியாலத்தில் ஓடி வரும் பத்துக் கடல் மைலுக்கு எதிர்அலையில் இரண்டு, மூன்று மணித்தியாலம் போகும். உங்கள் படகுகள் எவ்வளவு தூரம் போகின்றன என்பதைப் பார்த்து அந்த எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் ஒருபோதும் “9 மணி” என்பதை “இப்போதே திரும்புங்கள்” என்பதற்குப் பதிலாகப் போடாதீர்கள். இரண்டும் நிற்கவேண்டும்; இல்லாவிட்டால் எட்டரை மணிவரை வலை இழுக்கலாம் என்றாகிவிடும்.

அனுப்பும் நேரமும் செய்தியின் ஒரு பகுதி. மண்ணெண்ணெயும் ஐஸும் வாங்கிப் படகில் ஏற்றிய பிறகு தடுத்தால், போட்ட காசு கையைப் பிடித்து இழுக்கும். 2.30க்கு வந்த அறிக்கை மூன்று மணிக்குள் கரைக்குப் போகவேண்டும். அரை மணித்தியாலத்துக்குள் முழு அறிக்கையையும் அழகாக மொழிபெயர்க்க முடியாது. மேலே உள்ள செய்தியை எழுத முடியும். முழு மொழிபெயர்ப்பு வேண்டுமென்றால் ஆறுதலாக மாலையில் போடுங்கள்.

குரல் பதிவிலும் ஒலிபெருக்கியிலும் ஒரு தனிக் கரைச்சல் இருக்கிறது. தமிழில் வினை கடைசியில் வருவதால், “கடலுக்கு இறங்க…” என்றதும் காற்று சத்தத்தை அள்ளிக்கொண்டு போனால் “வேண்டாம்” போய்விடும். ஆகவே வாயால் சொல்லும்போது கரையில் எல்லோரும் சொல்கிற மாதிரியே தொடங்குங்கள்: “தொழில் இல்லை. செவ்வாய் இரவு தொழில் இல்லை.” துண்டாகக் கேட்டாலும் பொருள் தலைகீழாகாது. பிறகு திரும்புங்கள் என்பதையும் மணியையும் இரண்டு தரம் சொல்லி நிறுத்திவிடுங்கள். கோயிலிலோ தேவாலயத்திலோ வாசிப்பவருக்கும் இதையே எழுதிக்கொடுங்கள். அறிக்கையைக் கையில் கொடுத்தால் அவர் அதை அப்படியே, வாய் நிறைய, வாசித்துவிடுவார்.

பழைய பொத்தான் தொலைபேசி வைத்திருப்பவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறீர்கள் என்றால், ஆங்கிலத்துக்கு 160 குறிகள் பிடிக்கும் இடத்தில் தமிழுக்கு 70தான் பிடிக்கும். அதிலும் மெய்யின் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறியாக எண்ணப்படும். “செவ்வாய் பிற்பகல் முதல் கடலுக்கு இறங்க வேண்டாம்.” என்பது மட்டுமே 48 குறி. 70க்கு மேல் போனால் செய்தி துண்டுகளாகப் போய், சிக்னல் குறைந்த இடத்தில் இரண்டாம் துண்டு பிந்தும். எனவே அந்த ஒரு வாக்கியத்தை ஒரு குறுஞ்செய்தியாகவும், “கடலில் நிற்பவர்கள் இப்போதே திரும்புங்கள்” என்பதை இன்னொன்றாகவும் அனுப்புங்கள். எது முந்தி வந்தாலும், எது வராமல் போனாலும், கையில் கிடைத்தது தனியே பொருள் தரும்.

எழுதியது சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. சங்கக் கூட்டத்துக்கு வராத, அறிக்கையைப் பார்க்காத ஒருவரிடம் ஒருமுறை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். பிறகு கேளுங்கள்: எப்போதிருந்து இறங்கக்கூடாது? எத்தனை மணிக்குள் கரையில் நிற்கவேண்டும்? அடுத்த செய்தி எப்போது? மூன்றில் ஒன்றுக்குத் தடுமாறினாலும் பிழை அவருடையது அல்ல. அந்த வரியை மாற்றுங்கள். இதை அமைதியான நாட்களில் பழைய அறிக்கைகளை வைத்துச் செய்து பழகலாம்.

“மறு அறிவித்தல் வரை” என்பதையும் அப்படியே விடாதீர்கள். மறு அறிவித்தல் எப்போது என்று சொல்லாவிட்டால், காற்று கொஞ்சம் விழுந்ததும் ஆளாளுக்கு முடிவெடுப்பார்கள். சூறாவளியாக மாறிய பின் புதுடில்லியிலிருந்து மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை அறிக்கை வரும். கொழும்பின் அறிவித்தல்களும் அடுத்தடுத்து வரும். அதை வைத்து உங்கள் அடுத்த செய்தியின் மணியைக் குறியுங்கள். அந்த மணிக்குப் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் “மாற்றம் இல்லை, இறங்க வேண்டாம், அடுத்த செய்தி இரவு 9 மணிக்கு” என்று கட்டாயம் போடுங்கள். சந்தேகம் வந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தை அழைத்துக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

தடை நீங்கும் செய்தியையும் இதே ஒழுங்கில்தான் எழுதவேண்டும். “காற்று குறைந்துவிட்டது” என்று மட்டும் போட்டால் கடலும் அடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள்; காற்று விழுந்த பின்னும் அலை ஒரு நாளோ அதற்கு மேலோ நிற்கும், உடையும் அலைக்குள்ளால்தான் படகைத் தள்ளவேண்டியிருக்கும். “வெள்ளி காலை 6 மணி முதல் இறங்கலாம், திணைக்களத்தின் வியாழன் மாலை அறிவித்தல்படி” என்று கிழமை, மணி, அறிவித்தல் மூன்றும் சேர்த்துப் போடுங்கள். அதோடு பழைய தடைச் செய்தியைக் குழுவிலிருந்து நீக்கிவிடுங்கள். அடுத்த சூறாவளிக்கு யாராவது அதைத் தோண்டியெடுத்து அனுப்பாமல் இருக்கவேண்டும்.